பொன்னம்மாள் ஏன் திண்ணையில் இல்லை?

நேற்று மாலை கிமுலன் நொடறையில் மூன்று பெழுக்குகளைச் சிழுவினான்.

இந்த வாக்கியத்துக்கு அர்த்தம் கிடையாது. இந்தக் கட்டுரைக்காக இட்டுக்கட்டியது. ஆனாலும் இதை வைத்துக் கேள்வி கேட்டுப் பாருங்கள். பெழுக்குகளைச் சிழுவியது யார்? கிமுலன். எங்கே? நொடறையில். எத்தனை? மூன்று. எப்போது? நேற்று மாலை. நான்கு கேள்விக்கும் நான்கு மதிப்பெண் கிடைத்துவிட்டது. கிமுலன் ஆணா பெண்ணா என்று கேட்டால் அதற்கும் விடை இருக்கிறது, 'சிழுவினான்' என்ற வினைமுற்றே சொல்லிவிடும். பெழுக்கு என்பது உண்ணும் பண்டமா, உடுத்தும் துணியா என்றே தெரியாத ஒருவர் இந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கிவிடலாம்.

'பின்வரும் பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடையளி' என்று நம் கேள்வித்தாள்களில் வரும் பகுதியில் பாதிக்கு மேல் இப்படித்தான் விடை எழுதப்படுகிறது. கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடு, அது இருக்கும் வரியைப் பெயர்த்து எழுது, அடுத்த கேள்விக்குப் போ. தமிழில் இது இன்னும் சுலபம். 'எங்கே' என்று கேட்டால் 'இல்' உருபைத் தேடினால் போதும், 'எதை' என்றால் 'ஐ' உருபை. படித்துப் புரிந்துகொண்ட பிள்ளையும் வரியைப் பிடித்து எழுதிய பிள்ளையும் ஒரே மதிப்பெண்ணோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

இதற்கு மாற்றாக ஆசிரியர்கள் முதலில் நினைப்பது 'ஏன்', 'எப்படி' என்று கேட்பதைத்தான். யார், எங்கே, எப்போது என்றால் நேரடி வினா, ஏன், எப்படி என்றால் உய்த்துணர் வினா என்று ஒரு கணக்கு பல இடங்களில் ஓடுகிறது. கணக்கு தவறு. 'மழை பெய்ததால் விழா ஒத்திவைக்கப்பட்டது' என்று பத்தியில் இருக்கும்போது 'விழா ஏன் ஒத்திவைக்கப்பட்டது?' என்று கேட்டால், அது 'ஏன்' வேடம் போட்ட நேரடி வினா, அவ்வளவுதான். அமெரிக்க வாசிப்புக் கல்வி ஆய்வாளர்கள் பியர்சனும் ஜான்சனும் 1978-இல் எழுதிய நூலில் இதைத் தெளிவாக்கினார்கள். கேள்வியை மட்டும் பார்த்து அதன் வகையைச் சொல்ல முடியாது. கேள்வி, பத்தி, விடை மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். விடை ஒரே வாக்கியத்தில் அச்சாகி இருந்தால் நேரடி. பத்தியின் இரண்டு மூன்று இடங்களைக் கோத்தால்தான் விடை வரும் என்றால், பத்தியிலிருந்தே உய்த்துணர்வது. பத்தியோடு படிப்பவர் தன் அனுபவ அறிவையும் சேர்த்தால்தான் வரும் என்றால், அது மூன்றாவது வகை.

கையில் ஒரு பத்தி இருந்தால் பேச எளிது. ஆறாம் ஏழாம் வகுப்புக்கு ஏற்றதாக ஒன்று எழுதிக்கொள்வோம்.

"மூன்றரை மணிப் பேருந்து நிற்காமல் போயிற்று. திண்ணையில் உட்கார்ந்திருந்த பொன்னம்மாள் தெருமுனையைப் பார்த்தபடியே இருந்தார். பக்கத்தில் ஒரு தூக்குவாளி, வாய் துணியால் கட்டியிருந்தது. 'உள்ளே வாங்க அத்தை, வெயில் இன்னும் இறங்கல' என்றாள் ரேவதி. 'அஞ்சு மணி வண்டி ஒண்ணு இருக்குல்ல?' என்றார் பொன்னம்மாள். ரேவதியின் கைப்பேசி ஒலித்தது. கொல்லைப்புறம் போய்ப் பேசிவிட்டு வந்தவள், சிறிது நேரம் நிலைப்படியிலேயே நின்றாள். 'அவருக்கு இந்தத் தடவையும் லீவு கிடைக்கலையாம்' என்றாள். பொன்னம்மாள் தூக்குவாளியின் துணியை அவிழ்த்தார். 'சுசியத்தைப் பிள்ளைங்களுக்குக் குடு. ஆறிட்டா நல்லா இருக்காது' என்றார். ஐந்து மணிப் பேருந்து வந்தபோது அவர் திண்ணையில் இல்லை."

'பொன்னம்மாள் எங்கே உட்கார்ந்திருந்தார்?' திண்ணையில். இது நேரடி வினா. இப்படிக் கேட்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பத்திக்கு இரண்டு நேரடி வினா இருக்கத்தான் வேண்டும், காரணம் பின்னால் வரும். ஆனால் கேள்வியின் சொல் பத்தியின் சொல்லாக இருக்கக் கூடாது. 'ரேவதி எங்கே நின்று கைப்பேசியில் பேசினாள்?' என்பதை விட 'அழைப்பு வந்ததும் ரேவதி வீட்டின் எந்தப் பக்கம் போனாள்?' என்பது மேல். விடை அதே கொல்லைப்புறம்தான். ஆனால் கைப்பேசி ஒலித்ததும் அழைப்பு வந்ததும் ஒன்று என்று பிள்ளைக்குப் புரிந்திருக்க வேண்டும். வரியைப் பெயர்ப்பவருக்கு 'அழைப்பு' என்ற சொல் பத்தியில் அகப்படாது.

அடுத்து, 'தூக்குவாளியில் என்ன இருந்தது?' சுசியம் என்று எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். இது நேரடி வினா போலத்தான் தெரிகிறது. ஆனால் வாளிக்குள் சுசியம் இருந்ததாகப் பத்தி எங்கேயும் சொல்லவில்லை. துணியை அவிழ்த்தார், சுசியத்தைக் கொடுக்கச் சொன்னார் என்ற இரண்டு வாக்கியங்களைக் கோத்துப் படிப்பவரே இணைப்பைப் போட்டுக்கொள்கிறார். நன்றாகப் படிப்பவர்கள் இதைச் செய்கிறோம் என்றே தெரியாமல் செய்கிறார்கள். திணறிப் படிக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாக விட்டுவிடுவதால் இங்கேயே நின்றுவிடுவதுண்டு. நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை 2001 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பல நாடுகளில் சோதிக்கும் 'பேர்ல்ஸ்' தேர்வு இதற்கென்றே ஒரு தனிப் பங்கு வைத்திருக்கிறது. பத்தியில் வெளிப்படையாக இருப்பதை எடுப்பதற்கு அதில் 20 சதவீதம்தான். இப்படிப்பட்ட எளிய உய்த்துணர்வுக்கு 30 சதவீதம். மீதிப் பாதி, கருத்துகளைச் சேர்த்துப் பொருள் கொள்வதற்கும் எழுதப்பட்ட விதத்தை எடைபோடுவதற்கும்.

இனிமேல்தான் கேள்வி எடுப்பவருக்குச் சோதனை. 'ரேவதிக்குப் பொன்னம்மாள் என்ன உறவு?' என்று கேட்கிறோம். விடைக்குறிப்பில் 'மாமியார்' என்று எழுதிவிட்டோம். ரேவதி 'அத்தை' என்று அழைத்தது மட்டும்தான் ஆதாரம் என்றால் இந்தக் கேள்வி தேறாது. அப்பாவின் அக்கா தங்கையும் அத்தைதான். அத்தை வீட்டில் தங்கியிருக்கும் அண்ணன் மகள் ரேவதி என்று ஒரு பிள்ளை எழுதினால் தவறு போட முடியாது. இன்னொரு ஆதாரம் வேண்டும். பத்தியில் அது இருக்கிறது: 'அவருக்கு லீவு கிடைக்கலையாம்'. யார் என்று பெயர் சொல்லாமல் 'அவர்' என்கிறாள், பொன்னம்மாளும் யார் என்று கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்தால் மாமியார் மருமகள் உறவு கிட்டத்தட்ட உறுதி.

கிட்டத்தட்டத்தான். கணவனைப் பெயர் சொல்லி அழைக்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு இந்த 'அவர்' எந்தச் சேதியையும் சொல்லாது. அந்தப் பிள்ளைக்கு வாசிப்பில் குறை இல்லை, அந்த வழக்கம் அதற்குப் பழக்கமில்லை, அவ்வளவே. முன்னறிவு வாசிப்பை எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கும் என்பதை 1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியை மாணவர்களிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று பெயர் வாங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாகப் படிக்கும் ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை முந்தினார்கள். ஆகவே உறவுக் கேள்வியை வைத்தே தீர வேண்டும் என்றால் பத்தியில் ஒரு கை வைக்க வேண்டும். 'உங்க பிள்ளைக்கு இந்தத் தடவையும் லீவு கிடைக்கலையாம்' என்று மாற்றினால் போதும், வழக்கம் தெரியாத பிள்ளைக்கும் வழி திறந்துவிடும். பத்தியைத் தானே எழுதும் ஆசிரியருக்கு இந்த வசதி உண்டு. பாடநூலிலிருந்து எடுப்பவர் கேள்வியைத்தான் விட்டுவிட வேண்டியிருக்கும்.

இதே வாக்கியத்தில் இதைவிட நல்ல கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. 'மகன் வராமல் போவது இதுதான் முதல் முறையா? உன் விடைக்கு ஆதாரமான சொல்லைப் பத்தியிலிருந்து எடுத்து எழுது.' விடை, இல்லை. ஆதாரம், 'தடவையும்' என்பதில் உள்ள 'உம்'. முன்பும் நடந்தது என்று பத்தி சொல்லவில்லை, ஆனால் அந்த ஓர் இடைச்சொல் அதை உறுதியாக உணர்த்திவிடுகிறது. ஊகத்துக்கும் உய்த்துணர்வுக்கும் உள்ள வேறுபாட்டை நான் இப்படித்தான் பிரிப்பேன். பென்சிலால் கோடு போட்டுக் காட்ட ஓர் இடம் இருந்தால் உய்த்துணர்வு. இல்லாவிட்டால் ஊகம். 'ரேவதியின் கணவர் எங்கே வேலை செய்கிறார்?' என்று கேட்டால் வகுப்பில் பாதிப் பேர் 'ராணுவத்தில்' என்று எழுதுவார்கள். லீவு, கிடைக்கவில்லை, காத்திருக்கும் தாய். சினிமா பார்த்து வளர்ந்த மூளை மீதியை நிரப்பிக்கொள்ளும். கோடு போட இடமில்லாததால் அந்தக் கேள்வி வெளியே.

இன்னொரு பக்கம் சாயும் கேள்விகளும் உண்டு. 'பெரியவர்களிடம் நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்?' என்று கடைசியில் ஒன்று சேர்ப்பது நம் பழக்கம். இதற்குப் பத்தியே தேவையில்லை. கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் பத்தியை ஒரு தாளால் மூடிவிட்டு, கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதப் பாருங்கள். மூடிய பத்திக்கே விடை எழுத முடிகிற கேள்வி எதுவானாலும் அது வாசிப்பைச் சோதிக்கவில்லை. அமெரிக்காவின் கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்.ஏ.டி.யின் வாசிப்புக் கேள்விகளையே ஆய்வாளர்கள் 1990-இல் இப்படி மூடிக்கொடுத்துப் பார்த்தார்கள். பத்தியைக் காணாத மாணவர்கள் குருட்டாம்போக்கில் கிடைக்கக்கூடியதைவிட அதிகமாகச் சரியான விடைகளைப் போட்டார்கள். 'பொன்னம்மாளின் மனநிலை என்ன?' என்ற கேள்வியும் இந்தச் சோதனையில் விழுந்துவிடும். காத்திருக்கும் பாட்டி என்றாலே 'வருத்தம்' என்று எழுதிவிட்டுப் போகலாம்.

பலவுள் தெரிக வகையில் கேட்கும்போது வேலை இரட்டிப்பாகிறது. தவறான விடைகளையும் நாம்தான் எழுத வேண்டும், அவை கண்ணை மூடிக்கொண்டு எழுதும் விடைகள் அல்ல. இதை எடுத்துக்கொள்வோம்:

பொன்னம்மாள் சுசியத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னது ஏன்?
அ. ஆறினால் நன்றாக இருக்காது
ஆ. மகன் வரப்போவதில்லை
இ. பிள்ளைகள் பசியோடு இருந்தார்கள்
ஈ. ஐந்து மணிப் பேருந்து போய்விட்டது

ஒவ்வொரு தவறான விடையும் ஒவ்வொரு வகை வாசகரைப் பிடிக்க வைத்த கண்ணி. 'இ' பத்தியைப் படிக்காமல் உலக வழக்கை வைத்து எழுதுபவருக்கு. 'ஈ' எது முன், எது பின் என்று குழப்பிக்கொள்பவருக்கு, ஏனென்றால் ஐந்து மணிப் பேருந்து வந்தது அதற்குப் பிறகுதான். 'அ' வரியைப் பெயர்ப்பவருக்கு. சரியான விடை மற்ற மூன்றையும் விட நீளமாகவோ விளக்கமாகவோ இல்லை என்பதையும் கவனியுங்கள். சரியான விடையை மட்டும் பார்த்துப் பார்த்து எழுதுவது கேள்வி எடுப்பவர்களின் பழைய வியாதி, பிள்ளைகள் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இவ்வளவு பார்த்தும் இந்தக் கேள்வி பழுதானது. 'அ' என்று எழுதிய பிள்ளை எழுந்து நின்று, 'பொன்னம்மாளே அப்படித்தானே சொன்னாங்க?' என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. அவர் வாயால் சொன்ன காரணம் அதுதான். நாம் கேட்க நினைத்தது சொல்லாத காரணத்தை, கேட்டதோ 'ஏன்' என்று மட்டும். பிள்ளையிடம் குற்றமில்லை. கேள்வியை இப்படித் திருத்தலாம்: 'அதுவரை கட்டியே வைத்திருந்த தூக்குவாளியைப் பொன்னம்மாள் அந்த நேரத்தில் அவிழ்த்தது ஏன்?' இப்போது 'அ' நிற்காது. சுசியம் மூன்றரை மணியிலிருந்தே ஆறிக்கொண்டுதான் இருந்தது, அதற்கு முன் அவிழ்க்காதவர் இப்போது அவிழ்க்கிறார் என்றால் நடுவில் நடந்தது ஒன்றுதான், ரேவதி கொண்டுவந்த செய்தி. 'அந்த நேரத்தில்' என்ற இரண்டு சொல்லைச் சேர்த்ததும் ஒரு விடை மட்டும் நிற்கிறது. உய்த்துணர் வினாவைத் திருத்துவது பெரும்பாலும் இப்படி ஒன்றிரண்டு சொல்லில்தான் இருக்கிறது.

இதெல்லாம் கதைக்குத்தான் பொருந்தும், தகவல் பத்தியில் உய்த்துணர என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. 15 வயது மாணவர்களுக்கான 'பீசா' தேர்வில் வந்து பின்னர் பொதுவில் வெளியிடப்பட்ட ஒரு பகுதி, ஆப்பிரிக்காவின் சாட் ஏரி பற்றியது. ஏரியின் நீர்மட்டம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஏறி இறங்கியதைக் காட்டும் ஒரு வரைபடமும், சில வரிக் குறிப்பும். ஏரி கி.மு. 20,000 வாக்கில் முற்றிலும் மறைந்தது, கி.மு. 11,000 வாக்கில் மறுபடி தோன்றியது என்கிறது குறிப்பு. இன்றைய ஆழம் என்ன என்று முதல் கேள்வி, வரைபடத்தைப் பார்த்தாலே இரண்டு மீட்டர் என்று தெரியும். அடுத்த கேள்விகளில் ஒன்று, வரைபடத்தை அந்த ஆண்டிலிருந்து தொடங்க ஆசிரியர் முடிவு செய்தது ஏன் என்பது. விடை எங்கேயும் அச்சில் இல்லை. வரைபடம் தொடங்கும் ஆண்டையும், ஏரி திரும்பத் தோன்றிய ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் அது தெரியும். 2009 சுற்றின் நீட்சியாக இந்தத் தேர்வில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. பங்கேற்ற 74 பகுதிகளின் பட்டியலில் இரண்டும் அடிமட்டத்தில் நின்றன. அதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டன. இந்த வகைக் கேள்வியை நம் பிள்ளைகள் அதுவரை அதிகம் பார்த்ததில்லை என்பதும் அவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நேரடி வினா இரண்டாவது வேண்டும் என்று சொன்னதன் காரணம் இதுதான். 'அந்த நேரத்தில் அவிழ்த்தது ஏன்?' என்பதற்கு ஒரு பிள்ளை தவறாக எழுதினால் எங்கே தடுக்கியது என்று நமக்குத் தெரிய வேண்டும். லீவு கிடைக்கவில்லை என்ற வரியையே படிக்க முடியவில்லையா, படித்தும் கோக்கத் தெரியவில்லையா? முன்னால் 'ரேவதி சொன்ன செய்தி என்ன?' என்று ஒரு நேரடி வினா இருந்தால் பதில் கிடைத்துவிடும். அது சரி, இது தவறு என்றால் அந்தப் பிள்ளைக்குக் கோத்துப் படிக்கப் பழக்க வேண்டும். இரண்டுமே தவறு என்றால் உய்த்துணர்வைப் பற்றிப் பேச இன்னும் நேரம் வரவில்லை, முதலில் எழுத்துக்கூட்டல், சொல்வளம். ஆனால் கேள்விகளை வரிசைப்படுத்தும்போது ஒரு ஜாக்கிரதை வேண்டும். 'மகன் வரமாட்டான் என்று தெரிந்ததும் பொன்னம்மாள் என்ன செய்தார்?' என்று மூன்றாவதாகக் கேட்டுவிட்டால், ஐந்தாவது கேள்விக்கான விடையை நாமே அச்சடித்துக் கொடுத்தது போலாகிவிடும்.

தேர்வு முடிந்த பிறகும் கேள்வியைச் சோதிக்கலாம், அதற்குப் பெரிய கணக்கு வேண்டாம். 40 பேர் வகுப்பில் மொத்த மதிப்பெண்படி தாள்களை அடுக்கி, மேலே 11 தாள், கீழே 11 தாள் எடுங்கள். மேலும் கீழும் 27 சதவீதம் எடுப்பது 1939-இல் கெல்லி என்பவர் வகுத்த பழைய வழக்கம். மேல் கட்டில் 9 பேரும் கீழ்க் கட்டில் 3 பேரும் சரியாக எழுதியிருந்தால் கேள்வி ஒழுங்காக வேலை செய்கிறது. மேலே 5, கீழே 6 என்று வந்தால் விடைக்குறிப்பைத் திறந்து பாருங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் நாம் காணாத இன்னொரு நியாயமான விடையைக் கண்டிருப்பார்கள், பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும்.

எழுத்து விடைகளில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். 'ரேவதி நிலைப்படியிலேயே ஏன் நின்றாள்?' என்பதற்கு நாம் குறித்து வைத்தது, 'செய்தியைச் சொல்லத் தயங்கினாள்' என்று. ஒரு பிள்ளை 'அவளுக்கும் ஏமாற்றமாக இருந்திருக்கும்' என்று எழுதுகிறது. 'இந்தத் தடவையும்' என்ற சொல்லைச் சுட்டிக்காட்டி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுக்கலாம், அவளும் காத்திருந்தவள்தான். 'வெளியே மழை வந்தது' என்று எழுதினால் கொடுக்க முடியாது, வெயில் இறங்கவில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். இப்படிப்பட்ட வினாவுக்கு இரண்டு மதிப்பெண் வைத்து, விடைக்கு ஒன்று, ஆதாரம் காட்டியதற்கு ஒன்று என்று பிரித்துக்கொள்வது நல்லது. திருத்த உட்காரும்போது முதல் பத்துத் தாளை மதிப்பெண் போடாமல் படித்துவிட்டு, ஏற்கத்தக்க விடைகளை விடைக்குறிப்பில் சேர்த்துக்கொண்டு, பிறகு முதல் தாளிலிருந்து தொடங்கலாம். இல்லாவிட்டால் பதினோராவது தாளில் ஒரு விடையைப் பார்த்து மனம் மாறி, அதே விடைக்கு முன்னால் சுழித்துவிட்ட நான்காவது தாளைத் தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும்.